ரைட்ஸ் இஷ்யூ: தள்ளுபடி விலைப் பங்கில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது என்ன?

சந்தையில் 1,465 ரூபாய்க்கு விற்கும் ஒரு பங்கை 1,257 ரூபாய்க்குத் தருகிறோம் என்று கம்பெனியே கடிதம் அனுப்பினால், பெரும்பாலோர் மனதில் முதலில் ஓடும் கணக்கு இதுதான்: ஒரு பங்குக்கு 208 ரூபாய் லாபம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாம். இன்னொரு பக்கம், புதிய பங்குகள் வந்தால் நம் பங்கின் மதிப்பு குறைந்துவிடும், கம்பெனி நம்மை ஏமாற்றுகிறது என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. இரண்டு கணக்குமே பாதிதான் சரி. அந்தத் தள்ளுபடி உங்கள் பழைய பங்குகளின் மதிப்பிலிருந்தே எடுக்கப்பட்டு, வேறொரு வடிவத்தில் உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. அந்த வடிவத்தைக் கையில் வாங்கி எதுவும் செய்யாமல் விட்டவருக்கு மட்டும்தான் இதில் நிச்சயமான நஷ்டம்.

ஒரு கம்பெனிக்குப் புதிதாகப் பணம் வேண்டும் என்றால் அது கடன் வாங்கலாம், அல்லது புதிய பங்குகளை வெளியிட்டு விற்கலாம். பங்கு விற்பதென்றால் யாருக்கு விற்பது என்பது அடுத்த கேள்வி. ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கு, அவரவர் வைத்திருக்கும் அளவுக்கு ஏற்ப முதலில் கொடுப்பதுதான் ரைட்ஸ் இஷ்யூ, தமிழில் உரிமைப் பங்கு வெளியீடு. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 62-ஆவது பிரிவு இதைத்தான் பொது வழியாக வைத்திருக்கிறது. வெளியாள் ஒருவருக்கோ குறிப்பிட்ட சில நிறுவனங்களுக்கோ மட்டும் பங்கு கொடுக்க வேண்டுமானால், பங்குதாரர்களிடம் சிறப்புத் தீர்மானம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும்.

சட்டம் இப்படி வரிசை வைத்திருப்பதற்குக் காரணம் பங்கு நீர்த்துப்போவதுதான். ஒரு கம்பெனியில் 100 பங்குகள் இருந்து அதில் 10 உங்களுடையது என்றால் நீங்கள் பத்து சதவீதச் சொந்தக்காரர். கம்பெனி இன்னும் 100 பங்குகளை வேறு யாருக்கோ விற்றால், உங்கள் கையில் அதே 10 பங்குகள் இருந்தாலும் நீங்கள் ஐந்து சதவீதச் சொந்தக்காரர்தான். வாக்கு, டிவிடெண்ட், லாபத்தில் பங்கு எல்லாமே பாதியாகிவிடும். இதற்கு மேல் அந்தப் புதிய பங்குகளைச் சந்தை விலையை விடக் குறைவாக விற்றிருந்தால், சதவீதம் மட்டுமல்ல, ரூபாய் மதிப்பும் உங்களிடமிருந்து புதியவருக்குப் போகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். சதவீதம் குறைவது ஒன்று, மதிப்பு குறைவது வேறொன்று. சரியான சந்தை விலைக்குப் புதிய பங்கை விற்றால் உங்கள் சதவீதம் குறையும், ஆனால் மதிப்பு குறையாது, ஏனென்றால் வந்த பணம் கம்பெனிக்குள்தான் இருக்கிறது.

ரிலையன்ஸ் 2020: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2020 மே மாதம் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 53,124 கோடி ரூபாய்க்கு ரைட்ஸ் இஷ்யூ கொண்டுவந்தது. விகிதம் 15-க்கு 1. அதாவது மே 14 அன்று கணக்கில் 15 பங்கு வைத்திருந்தவருக்கு 1,257 ரூபாய் விலையில் ஒரு புதிய பங்கு வாங்கும் உரிமை. அறிவிப்பு வந்த ஏப்ரல் 30 அன்று சந்தை விலை 1,466 ரூபாயை ஒட்டி இருந்தது. கணக்கு நேராக வருவதற்காக இங்கே 1,465 என்று வைத்துக்கொள்வோம்.

பதினைந்து பழைய பங்குகளின் மதிப்பு 21,975 ரூபாய். ஒரு புதிய பங்குக்குக் கம்பெனிக்குள் வரும் பணம் 1,257 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 23,232 ரூபாய். இப்போது இந்தத் தொகைக்குச் சொந்தம் கொண்டாடுவது 16 பங்குகள். வகுத்தால் ஒரு பங்குக்கு 1,452 ரூபாய். பழைய பங்கிலிருந்து புதிய பங்கு வாங்கும் உரிமை தனியாகப் பிரிந்த பிறகு பங்கு நிற்க வேண்டிய விலை இதுதான். இதைக் கண்டுபிடிக்க எப்போதும் ஒரே வழிதான்:

```
புதிய விலை = (பழைய பங்கு எண்ணிக்கை × சந்தை விலை + புதிய பங்கு எண்ணிக்கை × வெளியீட்டு விலை) ÷ மொத்தப் பங்குகள்
```

ஆக ஒவ்வொரு பழைய பங்கும் 13 ரூபாய் இழக்கிறது. பதினைந்து பங்குக்கு 195 ரூபாய். மறுபக்கம், 1,452 ரூபாய் பெறுமானமுள்ள பங்கை 1,257 ரூபாய்க்கு வாங்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது. அதன் மதிப்பும் சரியாக 195 ரூபாய். இழந்ததும் கிடைத்ததும் ஒன்றேதான். ஆரம்பத்தில் சொன்ன 208 ரூபாய் லாபம் என்ற கணக்கு தவறானது இங்கேதான். அது புதிய பங்கின் லாபத்தை மட்டும் பார்க்கிறது, பழைய பங்கு இறங்குவதைப் பார்க்கவில்லை.

150 பங்கு வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பத்துப் புதிய பங்குகளுக்கு உரிமை. தொடக்கத்தில் அவர் சொத்து 2,19,750 ரூபாய். அவர் பத்தையும் வாங்கினால் கையிலிருந்து 12,570 ரூபாய் போகிறது. பிறகு அவரிடம் 160 பங்குகள், ஒன்று 1,452 வீதம் 2,32,320 ரூபாய். முதலில் இருந்ததோடு போட்ட பணத்தைக் கூட்டினாலும் இதே தொகைதான். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்பெனியில் அவருடைய சதவீதம் மாறாமல் நிற்கிறது.

அவர் புதிய பங்கை வாங்காமல் அந்த உரிமையை வேறொருவருக்கு 195 ரூபாய் வீதம் விற்றால் 1,950 ரூபாய் கையில் வருகிறது. 150 பங்குகளின் மதிப்பு 2,17,800. இரண்டையும் கூட்டினால் மறுபடியும் 2,19,750. மதிப்பில் நஷ்டம் இல்லை. சதவீதம் மட்டும் முன்பிருந்ததில் பதினாறில் பதினைந்து பங்காக, அதாவது 93.75 சதவீதமாகக் குறைகிறது. சிறு முதலீட்டாளருக்கு இந்தக் குறைவால் நடைமுறையில் எந்த வித்தியாசமும் இல்லை. கம்பெனியில் 26 அல்லது 51 சதவீதம் போன்ற எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோமோட்டருக்கு, அதாவது கம்பெனியைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பங்குதாரருக்குத்தான் அது கவலை.

மூன்றாவது வழி, கடிதத்தைப் பார்க்காமலோ புரியாமலோ ஒன்றும் செய்யாமல் இருப்பது. இப்போது அவரிடம் மிஞ்சுவது 2,17,800 மட்டும். 1,950 ரூபாய் அவர் கையை விட்டுப் போய், புதிய பங்கை வாங்கியவர்களிடம் சேர்ந்துவிட்டது.

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. கையில் பணம் இல்லை, ஆனால் உரிமையை முழுவதும் விட மனமில்லை என்றால், பத்து உரிமைகளில் ஒன்பதை விற்றால் 1,755 ரூபாய் வரும். அதில் 1,257 கட்டி ஒரு புதிய பங்கை எடுத்துக்கொண்டால் 498 ரூபாய் மீதி. சட்டைப் பையிலிருந்து எதுவும் போடாமல் 151 பங்குகள். கூட்டிப் பாருங்கள், இங்கேயும் மொத்தம் 2,19,750-தான்.

ரைட்ஸ் இஷ்யூவை வேறு விதமாகவும் பார்க்கலாம், சில சமயம் இதுவே எளிதாகப் புரியும். தள்ளுபடி விலையில் வரும் ரைட்ஸ் என்பது சந்தை விலைக்குப் பங்கு விற்பதும், பணம் வாங்காமல் போனஸ் பங்கு கொடுப்பதும் சேர்ந்த ஒன்று. போனஸ் கொடுத்தால் பங்கு எண்ணிக்கை கூடி விலை இறங்கும், யாருக்கும் லாப நஷ்டம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ரைட்ஸின் தள்ளுபடிப் பகுதியும் அதேதான். அதனால் தள்ளுபடி பெரியதா சிறியதா என்பது, உரிமையைப் பயன்படுத்துகிற அல்லது விற்கிற பங்குதாரருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆழமான தள்ளுபடி என்றால் சும்மா இருந்தவரின் நஷ்டம் ஆழமாகும், அவ்வளவுதான்.

தள்ளுபடி ஆழமானால்: வோடஃபோன் ஐடியா 2019

ரிலையன்ஸில் சும்மா இருந்தவர் இழந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் எல்லா வெளியீடும் இப்படி மென்மையாக இருப்பதில்லை. 2019 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியா 25,000 கோடி ரூபாய் திரட்டியது. விலை 12 ரூபாய் 50 காசு. விகிதம் 38-க்கு 87. ஒரு பழைய பங்குக்கு இரண்டேகால் புதிய பங்குக்கும் மேல். வெளியிட்டது 2,000 கோடிப் பங்குகள், அதற்கு முன் இருந்தது ஏறத்தாழ 873 கோடி.

வெளியீட்டுக்கு முன் பங்கு 30 ரூபாயை ஒட்டி விற்றது. கணக்குக்கு 30 என்றே வைப்போம். 380 பங்கு வைத்திருந்தவருக்கு 870 புதிய பங்குகளுக்கு உரிமை. பழைய மதிப்பு 11,400 ரூபாய், கட்ட வேண்டியது 10,875 ரூபாய். கூட்டி 1,250 பங்குகளால் வகுத்தால் ஒரு பங்கு 17 ரூபாய் 82 காசு. வாங்கியவருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. சும்மா இருந்தவரிடம் மிஞ்சியது 380 பங்குகள், மதிப்பு சுமார் 6,772 ரூபாய். சொத்தில் நாற்பது சதவீதம் போய்விட்டது. கம்பெனியில் அவர் பங்கு முன்பிருந்ததில் முப்பது சதவீதமாகச் சுருங்கியது.

அன்று உரிமையை விற்பதும் இன்றைப் போல எளிதாக இல்லை. காகிதப் படிவம் வாங்கி, கையெழுத்துப் போட்டு, வேறொருவர் பெயருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சிறு முதலீட்டாளர் பலரால் அதைச் செய்ய முடியவில்லை. 2020 ஜனவரியில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி இதை மாற்றியது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் உரிமையே தனிப் பொருளாக வந்து, பங்கைப் போலவே சந்தையில் விற்பனையாகும் என்று ஏற்பாடு செய்தது. அந்தப் புதிய முறையில் வந்த முதல் பெரிய வெளியீடுதான் ரிலையன்ஸ்.

வோடஃபோன் ஐடியாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது, அது கணக்குக்கு அப்பாற்பட்டது. 2019 அக்டோபர் 24 அன்று, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய வருவாய்ப் பங்கு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கம்பெனிக்கு எதிராக வந்தது. அடுத்த சில வாரங்களில் பங்கு 4 ரூபாய்க்கும் கீழே போனது. 12 ரூபாய் 50 காசுக்குத் தள்ளுபடியில் வாங்கிய பங்கு அது. நேர்மாறாக, ரிலையன்ஸ் ரைட்ஸில் 1,257 கட்டியவர் 2021 நவம்பரில் கடைசித் தவணை செலுத்தும்போது பங்கு 2,300 ரூபாய்க்கு மேல் இருந்தது. இரண்டுமே தள்ளுபடியால் நடந்ததல்ல. அதே நாட்களில் சந்தையில் 1,452-க்கு வாங்கியவருக்கும் அந்த ஏற்றம் கிடைத்தது, 17 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் அந்த இறக்கம் விழுந்தது.

அதனால் ரைட்ஸ் கடிதம் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, விலை மலிவா என்பதல்ல. இந்தக் கம்பெனியில், உரிமை பிரிந்த பின் நிற்கும் விலையில், நான் இன்று புதிதாகப் பணம் போடுவேனா? போடுவேன் என்றால் உரிமையைப் பயன்படுத்துங்கள். போடமாட்டேன் என்றால் உரிமையை விற்றுவிடுங்கள். வோடஃபோன் ஐடியா போன்ற விகிதத்தில் 11,400 ரூபாய் முதலீட்டாளர் இன்னொரு 10,875 ரூபாயைப் போடுகிறார், அதாவது ஒரே கம்பெனியில் தன் பணத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறார். பழைய பங்கைக் காப்பாற்றுவதற்காகப் பணம் கட்டுகிறேன் என்று நினைத்தால், இந்த அளவு பெரிய முடிவை எடுக்கிறோம் என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பழைய பங்கின் மதிப்பைக் காப்பாற்ற உரிமையை விற்றாலே போதும்.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்

அந்தக் கேள்விக்குப் பதில் தேட, லெட்டர் ஆஃப் ஆஃபர் என்ற ஆவணத்தில் வெளியீட்டின் நோக்கம் என்ற பகுதியைப் படிக்க வேண்டும். செபி தளத்திலும் பங்குச் சந்தைத் தளங்களிலும் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் இந்தப் பகுதி சில பக்கங்கள்தான். ரிலையன்ஸின் ஆவணத்தில் பெரும்பகுதிப் பணம் கடனை அடைக்க என்று இருந்தது.

கடனை அடைப்பதால் பங்குதாரருக்கு என்ன கிடைக்கும் என்பதை எளிய எண்களில் பார்க்கலாம். ஒரு கம்பெனிக்கு 10 கோடிப் பங்குகள், விலை 100 ரூபாய், ஆண்டு லாபம் 50 கோடி, ஆக ஒரு பங்குக்கு லாபம் 5 ரூபாய் என்று வைப்போம். 4-க்கு 1 விகிதத்தில் 60 ரூபாய்க்கு ரைட்ஸ் கொடுத்து 150 கோடி திரட்டி, பத்து சதவீத வட்டிக் கடனை அடைக்கிறது. வட்டியில் 15 கோடி மிச்சம், வரி கால் பங்கு போனால் 11.25 கோடி. புதிய லாபம் 61.25 கோடி, பங்குகள் 12.5 கோடி, ஒரு பங்குக்கு 4 ரூபாய் 90 காசு.

5 ரூபாயாக இருந்தது 4.90 ஆகிவிட்டது, லாபம் நீர்த்துப்போனது என்று பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் தள்ளுபடிக்குள் ஒரு போனஸ் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தோமே. உரிமை பிரிந்தபின் விலை 92 ஆகிறது, அதாவது பழைய விலையில் 0.92 பங்கு. பழைய லாபத்தையும் அதே அளவுக்குச் சுருக்கி 4.60 என்று வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கணக்குப் பதிவு விதிகளும் இதையே சொல்கின்றன. முந்தைய ஆண்டுகளின் எண்களைக் கம்பெனி இப்படித் திருத்தித்தான் அறிக்கையில் காட்டும். 4.60-லிருந்து 4.90-க்கு என்றால் பங்குதாரருக்கு முன்னேற்றம். புதிய பணம் வரிக்குப் பின் 7.5 சதவீதம் சம்பாதிக்கிறது, பழைய விலையில் கம்பெனி சம்பாதித்தது 5 சதவீதம், அதனால் வந்த முன்னேற்றம் இது. பணம் போய் நஷ்டத்தை அடைக்கவோ, தினசரிச் செலவைச் சமாளிக்கவோ மட்டும் பயன்பட்டால் இந்த எண் கீழே போகும். அதுதான் உண்மையில் வலிக்கும் நீர்த்தல், அதை எந்தத் தள்ளுபடியும் ஈடுசெய்யாது.

கூடவே புரோமோட்டர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் அதே ஆவணத்தில் தேடுங்கள். தன் பங்குக்குரிய முழுத் தொகையையும் கட்டுவதாகவும், யாரும் வாங்காமல் விட்டதையும் எடுத்துக்கொள்வதாகவும் அவர் எழுதிக்கொடுத்திருந்தால், அவருக்கே கம்பெனி மேல் நம்பிக்கை இருக்கிறது என்று கொள்ளலாம். ரிலையன்ஸில் அப்படித்தான் இருந்தது. தன் உரிமையையே புரோமோட்டர் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால் காரணத்தை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

செய்யும் முறையும் தவறும் இடங்களும்

முதலில் ரெக்கார்டு தேதி. அன்றைய முடிவில் யார் பெயர் கணக்கில் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. இப்போது பங்கு வாங்கிய மறுநாள்தான் டீமேட்டில் வரும் என்பதால், ரெக்கார்டு தேதியன்றே வாங்கினால் உரிமை கிடைக்காது. குறைந்தது அதற்கு முந்தைய வர்த்தக நாளில் வாங்கியிருக்க வேண்டும். ரெக்கார்டு தேதியன்று காலை விலை இறங்கித் திறப்பதைப் பார்த்து மலிவு என்று வாங்கினால், உரிமை கழிந்த பங்கைத்தான் வாங்குகிறீர்கள்.

பிறகு சில நாட்களில், வெளியீடு தொடங்கும் முன், உங்கள் டீமேட் கணக்கில் புதிதாக ஒன்று தெரியும். கம்பெனிப் பெயரோடு `-RE` என்று சேர்ந்திருக்கும். இதுதான் ரைட்ஸ் என்டைட்டில்மென்ட், பேச்சில் ஆர்.இ. இது பங்கு அல்ல, பங்கு வாங்கும் உரிமை மட்டும். விகிதத்தில் மீதம் வந்தால் பின்னம் விடப்படும். 15-க்கு 1 என்றால் 100 பங்குக்கு ஆறு ஆர்.இ.தான், ஏழு கிடைக்காது. ஆனால் கூடுதல் பங்குக்கு விண்ணப்பித்தால், பின்னத்தை இழந்தவர்களுக்கு ஒரு பங்கு தருவதில் முன்னுரிமை உண்டு. ரிலையன்ஸில் 15-க்கும் குறைவாக வைத்திருந்து ஒரு ஆர்.இ.கூட வராதவர்களும் இப்படி ஒரு பங்குக்கு விண்ணப்பிக்க முடிந்தது. இன்னும் காகிதச் சான்றிதழாகப் பங்கு வைத்திருப்பவர்களின் உரிமை தனிக் கணக்கில் நிறுத்திவைக்கப்படும். டீமேட் விவரத்தைப் பதிவாளரிடம் நேரத்தோடு கொடுக்காவிட்டால் அது வீணாகும்.

இங்கே இரண்டு கடைசித் தேதிகள் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.இ. சந்தையில் விற்க ஒரு கடைசி நாள், புதிய பங்குக்கு விண்ணப்பிக்க இன்னொரு கடைசி நாள். விற்பனை முதலில் முடிந்துவிடும். ரிலையன்ஸில் வெளியீடு மே 20-இல் தொடங்கி ஜூன் 3-இல் முடிந்தது, ஆர்.இ. வர்த்தகம் மே 29-ஆம் தேதியே நின்றது. கடைசி நாள் வரை யோசித்துவிட்டு, வேண்டாம், விற்றுவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியீடு முடிந்ததும் பயன்படுத்தாத ஆர்.இ. எந்த நஷ்டஈடும் இல்லாமல் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

விற்பதானால் பங்கை விற்பது போலவே புரோக்கர் செயலியில் விற்கலாம். விற்கும் முன் ஒரு சின்னச் சரிபார்ப்பு: அன்றைய பங்கு விலையிலிருந்து வெளியீட்டு விலையைக் கழியுங்கள், அதை ஒட்டித்தான் ஆர்.இ. விலை இருக்க வேண்டும். பலர் ஒரே நேரத்தில் விற்க வருவதால் கொஞ்சம் குறைவாகக் கிடைப்பது சகஜம். ரிலையன்ஸ் போலத் தவணை முறையில் பணம் கட்டும் வெளியீடு என்றால், மீதித் தொகையைப் பின்னால் கட்டும் வசதிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதால் ஆர்.இ. விலை சற்றுக் கூடுதலாகவே நிற்கலாம்.

ஆர்.இ.-யை வெளியிலிருந்து வாங்குபவர்கள் செய்யும் தவறு இன்னும் பெரியது. 1,452 ரூபாய் பங்கு 195 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பின் விண்ணப்பித்து 1,257-ஐயும் கட்டினால்தான் பங்கு வரும். கட்டாமல் விட்டால் அந்த 195 ரூபாயும் போய்விடும்.

புதிய பங்கு வாங்குவதானால், ஆர்.இ. கணக்கில் இருப்பது மட்டும் போதாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான வழி அஸ்பா. உங்கள் வங்கியின் நெட் பேங்கிங்கில் அஸ்பா அல்லது ரைட்ஸ் இஷ்யூ என்ற பகுதிக்குப் போய், வெளியீட்டைத் தேர்ந்து, டீமேட் எண்ணையும் பங்கு எண்ணிக்கையையும் கொடுத்தால், தொகை உங்கள் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு ஒதுக்கும்போதுதான் எடுக்கப்படும். ஆர்.இ. எந்த டீமேட் கணக்கில் இருக்கிறதோ அதே எண்ணைக் கொடுங்கள். இரண்டு புரோக்கரிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் தவறான எண்ணைக் கொடுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பணமும் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும், மகனுடைய கணக்கிலிருந்து அப்பாவுக்குக் கட்ட முடியாது. தன் முழு உரிமையையும் பயன்படுத்திக்கொண்டவர் அதற்கு மேல் கூடுதலாகவும் கேட்கலாம். பிறர் விட்டுவிட்ட பங்கிலிருந்து அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

விண்ணப்பிக்கும் நாளில் சந்தை விலை வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியிருந்தால் விண்ணப்பிக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தக் கம்பெனிப் பங்கு வேண்டுமென்றால் சந்தையில் குறைந்த விலைக்கே வாங்கிக்கொள்ளலாம். இப்படிப் பலரும் விலகி, வெளியீட்டுக்கு 90 சதவீத விண்ணப்பம்கூட வரவில்லை என்றால், பொதுவாகக் கம்பெனி பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

தவணை முறை வெளியீடுகளில் பங்கு ஒதுக்கியதோடு வேலை முடிவதில்லை. ரிலையன்ஸில் விண்ணப்பத்தோடு 314 ரூபாய் 25 காசு, 2021 மத்தியில் இன்னொரு 314.25, அந்த நவம்பரில் 628.50 என்று மூன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. அதுவரை அந்தப் பங்கு சந்தையில் தனிப் பெயரில், தனி விலையில் ஓடியது. டிவிடெண்டும் கட்டிய அளவுக்குத்தான். தவணை அழைப்பு மின்னஞ்சலில் வரும். அதைத் தவறவிட்டால் வட்டி சேரும், கடைசியில் அதுவரை கட்டிய பணத்தோடு பங்கே பறிமுதலாகலாம். பழைய மின்னஞ்சல் முகவரி டீமேட் கணக்கில் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

வரி விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். கம்பெனி உங்களுக்கு இலவசமாகத் தந்த ஆர்.இ.-யை விற்றால், அதை வாங்கிய விலை பூஜ்யம் என்று கொள்ளப்படும். வந்த தொகை முழுவதும் குறுகிய கால மூலதன ஆதாயம். புதிய பங்கை எடுத்துக்கொண்டால், நீங்கள் கட்டிய தொகைதான் அதன் விலை, வைத்திருந்த காலம் ஒதுக்கீட்டு நாளிலிருந்து தொடங்கும். பழைய பங்கின் தேதி இதற்கு ஒட்டாது. உரிமை பிரிந்து சந்தை விலை இறங்கினாலும், பழைய பங்கை நீங்கள் வாங்கிய விலை வரிக் கணக்கில் மாறாது.

உரிமை பிரிந்த நாளிலிருந்து புதிய பங்குகள் கணக்கில் ஏறும் வரை உங்கள் செயலி நஷ்டத்தைக் காட்டும். வோடஃபோன் ஐடியா அளவு பெரிய விகிதம் என்றால் அந்த எண் பயமுறுத்துவதாகவே இருக்கும். அப்போது பழைய பங்கை விற்க வேண்டாம். ஆர்.இ.-யின் அன்றைய மதிப்பையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையும் முன்பிருந்ததை விடக் குறைந்திருந்தால் மட்டுமே பங்கு உண்மையில் இறங்கியிருக்கிறது.